சூரிய எழுத்துகளும் அரபு வரையறை முன்னொட்டின் லகரமும்: ளாத், ஷீன், ஜீம் காட்டும் பழைய ஒலிநிலை

ஆய்வுச் சுருக்கம்

அரபு மொழியில் பெயர்ச்சொல்லை வரையறுக்கும் 'அல்' என்னும் முன்னொட்டின் லகரம், 14 எழுத்துகளுக்கு முன் தன் ஒலியை இழந்து பின்வரும் மெய்யாகவே மாறுகிறது. அவ்வெழுத்துகள் சூரிய எழுத்துகள் எனப்படும். நுனிநாவால் பிறக்கும் ஒலிகளே இப்பட்டியலில் இடம்பெறுகின்றன என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். இவ்விளக்கம் ளாத், ஷீன், ஜீம் ஆகிய மூன்று எழுத்துகளிடத்தில் தடைப்படுகிறது. பட்டியல் இன்றைய ஒலிப்பைச் சார்ந்ததன்று என்பதையும், அது உருவான காலத்து ஒலிப்பைத் தன்னுள் காத்து வைத்திருக்கிறது என்பதையும் ஸீபவைஹியின் இலக்கண விளக்கம், பிற மொழிகளுக்குச் சென்ற கடன்சொற்கள், இன்றைய வட்டார வழக்குகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரையறை முன்னொட்டு, சூரிய எழுத்து, சந்திர எழுத்து, ஓரினமாதல், ஸீபவைஹி, லகரப் புணர்ச்சி.

1. லகரம் மறைகிறதா, மாறுகிறதா?

அரபு மொழியில் 'ஷம்ஸ்' என்பது சூரியன். 'கமர்' என்பது சந்திரன். முன்னொட்டாகிய 'அல்' இவற்றோடு சேரும்போது முன்னது 'அஷ்ஷம்ஸ்' என்றும், பின்னது 'அல்கமர்' என்றும் ஒலிக்கிறது. எழுத்தில் இரண்டிலும் அலிஃபும் லாமும் ஒரே வகையாக எழுதப்படுகின்றன. ஒலிப்பில் மட்டுமே வேறுபாடு. 'ஷம்ஸ்' என்னும் சொல்லைப் போல லகரத்தைத் தன்வயமாக்கும் எழுத்துகள் சூரிய எழுத்துகள் என்றும், 'கமர்' என்னும் சொல்லைப் போல லகரத்தைத் தெளிவாக ஒலிக்கவிடும் எழுத்துகள் சந்திர எழுத்துகள் என்றும் பெயர் பெற்றன. இப்பெயர்களுக்கும் ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயல்புக்கும் தொடர்பில்லை. எடுத்துக்காட்டாக நின்ற சொற்களே வகைப்பெயர்களாகிவிட்டன. அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளும் 14, 14 எனச் சரிபாதியாகப் பிரிவது தற்செயலே.

லகரம் 'மறைகிறது' என்று கூறுவது வழக்கம். இச்சொல்லாட்சி முழுமையாகப் பொருந்தாது. லகரம் மறைந்து வேறொன்றும் நிகழாதிருந்தால் 'அஷம்ஸ்' என்னும் வடிவமே கிடைத்திருக்கும். உண்மையில் ஷகரம் இரட்டிக்கிறது. தமிழிலக்கண நோக்கில் கூறுவதானால், லகர மெய்க்குரிய அரை மாத்திரை அழியவில்லை. பின்வரும் மெய் அதனை எடுத்துக்கொள்கிறது. அரபு எழுத்துமுறையும் இதனைக் குறித்துக் காட்டுகிறது. உயிர்க்குறியிட்டு எழுதும்போது, சந்திர எழுத்துக்கு முன்னுள்ள லாமின் மேல் உயிரின்மையைக் காட்டும் 'சுகூன்' இடப்படும். சூரிய எழுத்துக்கு முன்னுள்ள லாம் குறியேதுமின்றி நிற்க, பின்னுள்ள எழுத்து இரட்டித்தலைக் காட்டும் 'ஷத்தா' என்னும் குறியைப் பெறும். யாப்பு நூலார் செய்யுளை அலகிடுவதற்காக ஒலித்தவாறே எழுதும் முறையில் இந்த லாம் எழுதப்படுவதே இல்லை. அதன் இடத்தில் பின்வரும் எழுத்து இருமுறை எழுதப்படும். லாமின் ஒலி போயிற்று. அதற்குரிய கால அளவு நின்றது.

இந்த இரட்டித்தலின் இன்றியமையாமை இணைப்பிடைச் சொல்லோடு வரும்போது தெளிவாகப் புலப்படும். 'அல்' என்பதன் அகரம் தொடரின் முதலில் மட்டுமே ஒலிப்பது; முன்னே உயிர் வந்தால் அதுவும் வீழ்ந்துவிடும். 'வ' என்னும் உம்மைப்பொருள் இடைச்சொல் முன்வரும்போது 'சூரியனும்' என வரையறுத்த பொருளில் 'வஷ்ஷம்ஸு' என்றாகும். இங்கே அகரமும் இல்லை, லகரமும் இல்லை. முன்னொட்டு இருக்கிறது என்பதைச் செவிக்கு முதலில் காட்டுவது ஷகரத்தின் இரட்டிப்பு ஒன்றே. அதனை ஒற்றையாக ஒலித்துவிட்டால், வரையறைப் பொருளின் முதல் அடையாளம் போய்விடும். கேட்பவர் சொல்லின் இறுதி ஒலியைக் கொண்டே அதனை உணர வேண்டிவரும். அரபு பயில்வோரிடம் லகரத்தை விடாமல் ஒலிக்கும் பிழை எளிதில் கண்டறியப்படுகிறது. லகரத்தை விட்டபின் இரட்டிக்காமல் விடும் பிழையோ கவனத்திற்கு வராமலே போகிறது. பொருள்நோக்கில் பின்னதே கேடு மிகுந்தது.

2. ஸீபவைஹியின் கணக்கு: 11 உம் 2 உம்

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஸீபவைஹி, 'அல்கிதாப்' என்னும் தம் பேரிலக்கணத்தின் இறுதிப் பகுதியில் எழுத்துகளின் பிறப்பிடங்களையும் ஓரினமாதலையும் விரிவாக ஆராய்கிறார். ஓரினமாதலை அரபு இலக்கணிகள் 'இத்ஃகாம்' என்பர். வரையறை லாம் 13 எழுத்துகளோடு கட்டாயமாக ஓரினமாகும் என்பது அவர் கூற்று. லகரத்தின் முன் லகரம் வருவதில் மாற்றம் ஏதுமில்லை. ஆதலின் அவர் லாமைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிற்கால மரபு அதனையும் சேர்த்து 14 எனக் கொண்டது.

அந்த 13 எழுத்துகளை அவர் இரு கூறாக்குகிறார். 11 எழுத்துகள் லகரத்தைப் போலவே நுனிநாவில் பிறப்பன. எஞ்சிய 2 எழுத்துகளும் நுனிநாவிற்கு உரியன அல்ல. எனினும் அதன் எல்லையைச் சென்று தொடுவன. முதற்கூறு எளிதில் விளங்கும். தகர வகையைச் சேர்ந்த அடைப்பொலிகள் மூன்று. நாநுனி பல்லிடையே நின்று உரசப் பிறப்பன மூன்று. ஸகர வகையைச் சேர்ந்த சீழ்க்கையொலிகள் மூன்று. இவற்றோடு ரா, நூன். அரபு மொழியின் நுனிநா மெய்கள் மெல்லொலி, அதிர்வொலி, நாவின் பின்பகுதி உயர்ந்து கனக்கும் ஒலி என மும்மூன்றாக அமைவதால் இக்கணக்குக் கிடைக்கிறது. 'அத்தாஜிர்' (வணிகர்), 'அர்ரஜுல்' (மனிதர்), 'அந்நூர்' (ஒளி), 'அஸ்ஸலாம்' (அமைதி) ஆகியவை இவ்வகையின.

சந்திர எழுத்துகள் இதற்கு மறுதலை. இதழில் பிறப்பன நான்கும், மிடற்றைச் சார்ந்து பிறப்பன ஆறும், பின்னாவில் பிறக்கும் இரு ககர வகைகளும் லகரத்தின் இடத்திற்குச் சேய்மையானவை. 'அல்பைத்' (வீடு), 'அல்கிதாப்' (நூல்) ஆகியவற்றில் லகரம் மாறாததற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. எஞ்சி நிற்பவை இடைநாவில் பிறக்கும் ஜீமும் யாவும் ஆகும்.

கட்டாயத்திற்கு ஸீபவைஹி தரும் காரணம் இருவகைப்பட்டது. பிறப்பிட அண்மை ஒன்று. வரையறை லாம் பேச்சில் மிகுதியாக வழங்குவது மற்றொன்று. இரண்டாம் காரணத்தைப் பின்வந்த பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதனை விட்டுவிட்டால் அடுத்த பகுதியில் வரும் சொற்கள் விளங்கா.

3. விதி லகரத்திற்கு உரியதா, முன்னொட்டிற்கு உரியதா?

அரபு எழுத்தில் அலிஃப், லாம், ஸீன், நூன், இறுதித் தா என ஐந்து எழுத்துகளாலான ஒரு சொல்லுருவத்தை எடுத்துக்கொள்ளலாம். உயிர்க்குறிகளின்றி நின்றால் இதனை மூவகையாகப் படிக்க இயலும். 'ஸனா' (ஆண்டு) என்னும் சொல்லோடு முன்னொட்டுச் சேர்ந்ததெனக் கொண்டால் 'அஸ்ஸனா'. 'ஸுன்னா' (வழிமுறை) என்பதோடு சேர்ந்ததெனக் கொண்டால் 'அஸ்ஸுன்னா'. 'லிஸான்' (நாக்கு, மொழி) என்பதன் பன்மையெனக் கொண்டால் 'அல்ஸினா'. முதலிரண்டில் லகரம் ஸகரமாகிவிட்டது. மூன்றாவதில் அதே லகரம், அதே ஸகரத்தின் முன், மாறாது நிற்கிறது. இங்கே லாம் முன்னொட்டின் உறுப்பன்று. வேர்ச்சொல்லின் முதல் மெய். அலிஃபின் மேல் இடப்படும் 'ஹம்ஸா' என்னும் குறி மூன்றாம் சொல்லை வேறுபடுத்திக் காட்டும். கையெழுத்திலும் அவசரத் தட்டச்சிலும் அக்குறி விடுபடுவதுண்டு. அப்போது சொல்லைப் பகுத்து அறிந்தாலன்றிச் சரியாக ஒலிக்க இயலாது.

'அல்ஸினா' என்பதோடு வரையறை முன்னொட்டையும் சேர்த்தால் 'அல்அல்ஸினா' எனவரும். முதல் லகரம் முன்னொட்டினது. அது மிடற்றொலியாகிய ஹம்ஸாவின் முன் நிற்பதால் மாறவில்லை. இரண்டாம் லகரம் வேரினது. அது சூரிய எழுத்தின் முன்னே நின்றும் மாறவில்லை. இரு லகரமும் ஒரே வடிவில் நின்றாலும், நிற்பதற்கான காரணங்கள் வெவ்வேறு.

சொல்லினுள் வரும் லகரம் பிறவிடங்களிலும் இவ்வாறே நிற்கிறது. 'இல்திஸாம்' (கடப்பாடு) என்பதில் தகரத்தின் முன்னும், 'ஜஅல்னா' (நாம் ஆக்கினோம்) என்பதில் நகரத்தின் முன்னும் அது தெளிவாக ஒலிக்கிறது. 'அந்நூர்' என்று கூறும் நாவே 'ஜஅல்னா' என்றும் கூறுகிறது. லகரமும் நகரமும் அடுத்து வருதல் அரபு நாவிற்கு அரிதன்று என்பது இதனால் பெறப்படும்.

தனிச்சொற்களின் இறுதி லகரத்தில் இடைநிலை ஒன்று காணப்படுகிறது. வினாப்பொருள் தரும் 'ஹல்', மறுதலைப் பொருள் தரும் 'பல்' ஆகிய இடைச்சொற்களின் லகரம் இவ்வெழுத்துகளோடு ஓரினமாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்கிறார் ஸீபவைஹி. ராவின் முன் ஆவது சிறந்தது என்பதும் அவர் கருத்து. குர்ஆன் ஓதல் மரபுகளிலும் இவ்வேறுபாடு பதிவாகியுள்ளது. 'ஹல் தரா' என்பதை அவ்வாறே ஓதும் மரபும் உண்டு; 'ஹத்தரா' என ஓதும் மரபும் உண்டு. பரவலாக ஓதப்படும் ஹஃப்ஸ் மரபில் 'குல் ரப்பி' என்பது 'குர்ரப்பி' ஆகிறது. ஆயினும் 83ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தில் 'பல்' என்பதை அடுத்து மூச்சுவிடாமல் சிறிது நிறுத்தி, லகரத்தைக் காத்து, 'ரான' என்று தொடர்வர். நிறுத்தம் இல்லையெனில் லகரம் ராவோடு கரைந்துவிடும் என்பது இவ்வழக்கத்தால் உறுதிப்படுகிறது.

ஆக, மூன்று படிகள் தெரிகின்றன. வேரின் லகரம் மாறாது. தனி இடைச்சொல்லின் லகரம் மாறலாம். முன்னொட்டின் லகரம் மாறியே ஆக வேண்டும். பிறப்பிட அண்மை மூன்றிற்கும் பொதுவானது. வேறுபடுத்துவது வழக்கின் மிகுதியே. ஸீபவைஹி கூறிய இரண்டாம் காரணம் இவ்வாறு வலுப்பெறுகிறது.

4. தமிழ் லகரப் புணர்ச்சியோடு ஓர் ஒப்பு

தமிழாய்வாளர்க்கு இவ்விடத்தில் லகர ஈற்றுப் புணர்ச்சி நினைவிற்கு வருதல் இயல்பு. கல் + தூண் = கற்றூண் எனவும், கல் + நெஞ்சு = கன்னெஞ்சு எனவும் வருவனவற்றை 'அத்தாஜிர்', 'அந்நூர்' ஆகியவற்றோடு இணைத்துக் காட்டத் தோன்றும். ஒற்றுமை மேற்போக்கானதே.

தமிழில் லகரமும் மாறுகிறது, வருமொழித் தகரமும் றகரமாக மாறுகிறது. தகர நகரங்கள் லகர னகரங்களை அடுத்து றகர னகரங்களாதலைத் தொல்காப்பியம் தொகைமரபில் கூறுகிறது. அரபில் வருமொழி முதல் ஒருபோதும் மாறுவதில்லை. மாற்றம் முழுவதும் லகரத்தின்மேல் விழுகிறது. மேலும் தமிழில் பல் + பொடி = பற்பொடி, கல் + குவியல் = கற்குவியல் என இதழொலிக்கும் பின்னாவொலிக்கும் முன்னரும் லகரம் திரிகிறது. அரபில் அவ்விடங்களில் அது அசையாது. தமிழ் விதி லகர ஈற்றுச் சொற்களுக்குப் பொதுவானது. அரபு விதி ஒரே ஒரு முன்னொட்டிற்கு உரியது. தமிழ் தான் ஒலிப்பதை எழுதிக்காட்டுகிறது. அரபு சொல்லின் உறுப்பை எழுதிவிட்டு, ஒலியைப் படிப்பவர் பொறுப்பில் விடுகிறது. இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையே ஒப்பீடு ஒரு பயனைத் தருகிறது: தமிழ் லகரத்திரிபு எழுத்தின் இயல்பு, அரபு லகரத்திரிபு சொல்லின் இயல்பு என்பது தெளிவாகிறது.

5. ளாதும் ஷீனும்

ஸீபவைஹி தனித்துக் கூறிய இரண்டு எழுத்துகள் ளாதும் ஷீனும் ஆகும். ளாத் இன்று பெரும்பாலான அரபு நாடுகளில் கனத்த டகரச் சாயலுடைய நுனிநா அடைப்பொலியாகவோ, கனத்த பல்லிடை உரசொலியாகவோ ஒலிக்கப்படுகிறது. இன்றைய ஒலிப்பை மட்டும் அறிந்த ஒருவர் அதனை முதற்கூற்றில் சேர்த்து 12 எனக் கணக்கிட்டிருப்பார். ஸீபவைஹி சேர்க்கவில்லை. நாவின் விளிம்பு கடைவாய்ப்பற்களைச் சார அது பிறக்கும் என்றும், நீண்டு சென்று லகரத்தின் இடத்தை எட்டும் என்றும் அவர் விளக்குகிறார். நாவிளிம்பைக் கொண்டு லகர ளகரங்களின் பிறப்பை விளக்கும் தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றவர்க்கு இது எவ்வகை ஒலி என்பது உடனே புலப்படும். பழைய ளாத் ஒரு மருங்கொலி; காற்று நாவின் பக்கவாட்டில் வெளிப்படுவது. லகரத்திற்கு அது இடத்தால் அயல், வகையால் உறவு.

இதற்குப் புறச்சான்றுகள் உள்ளன. ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு வழங்கிய காலத்தில் 'அல்காளீ' (நீதிபதி) என்னும் சொல் ஸ்பானிய மொழிக்குச் சென்று 'அல்கால்தே' ஆயிற்று. நகர்த்தலைவரைக் குறிக்க அச்சொல் இன்றும் வழங்குகிறது. ளாத் என்னும் ஓர் ஒலி அங்கே லகரமும் தகரமும் ஆகப் பிரிந்து பதிந்திருக்கிறது. மலாய் மொழியில் 'தேவை' என்னும் பொருளில் வழங்கும் 'பெர்லு' என்பது கடமையைக் குறிக்கும் 'ஃபர்ளு' என்பதன் திரிபு. இங்கும் ளாதின் இடத்தில் லகரம். தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் பர்ளு, களா, வுளூ, காழி, ரமழான், ரமலான் என வரும் சொற்களில் ளாதின் இடத்தை ளகரமும் ழகரமும் லகரமும் நிரப்புகின்றன. டகரமோ தகரமோ நிரப்பவில்லை. இத்தமிழ் வடிவங்களை மட்டும் கொண்டு பழைய மருங்கொலி தமிழகக் கடற்கரை வரை வந்து சேர்ந்தது என முடிவுகட்டுதல் மிகை. எனினும் அல்கால்தே, பெர்லு ஆகியவற்றின் அருகில் வைத்து நோக்கும்போது, ளாதை மருங்கொலியாகக் கேட்ட செவிகள் பல நாடுகளில் இருந்தன என்பது தெரிகிறது.

ஷீன் இதனினும் சிக்கலானது. ஜீம், ஷீன், யா ஆகிய மூன்றும் இடைநா இடையண்ணத்தை அணுகப் பிறப்பன என்று ஸீபவைஹி ஒரே இடத்தில் வைக்கிறார். அவ்வாறாயின் ஷீன் மட்டும் சூரிய எழுத்தானது ஏன்? ஷீன் பரவும் இயல்புடையது, அதன் ஒலி முன்னோக்கி விரிந்து தகர வகையின் இடத்தைத் தொடுகிறது என்பது அவர் தரும் விடை. உரசொலியாகிய ஷகரத்தில் காற்று முன்வாய் முழுவதும் பரவுவது உண்மையே. அடைப்பொலியாகிய ஜீமில் அப்பரவல் இல்லை.

ஒப்பியல் ஆய்வு இங்கே வேறொரு விடையையும் தருகிறது. அரபு ஷீனுக்கு நேராக ஹீப்ரு மொழியில் 'ஸின்' வருகிறது. பத்து என்னும் எண்ணுப்பெயர் அரபில் 'அஷ்ர்', ஹீப்ருவில் 'எஸெர்'. இவற்றின் மூலவொலி ஒரு மருங்குரசொலி என்பது செமிட்டிக் ஒப்பிலக்கண அறிஞர் பலரின் முடிவு. தென் அரேபியாவின் மெஹ்ரி மொழியிலும், சொகோத்ரா தீவின் மொழியிலும் அம்மருங்கொலி இன்றும் உயிரோடு ஒலிக்கிறது. ஸீபவைஹியின் காலத்தில் ஷீன் மருங்கொலி அன்று என்பது அவர் விளக்கத்தாலேயே தெளிவு. ஆயினும் அவர் பிரித்துவைத்த இரண்டு எழுத்துகளும் மூலத்தில் மருங்கொலிகளாகவே இருந்தமை புறக்கணிக்கத்தக்கதன்று. ஷீன் மருங்கொலியாயிருந்த காலத்திலேயே லகரம் அதனோடு ஓரினமாகத் தொடங்கி, ஒலி இடம்பெயர்ந்த பின்னரும் வழக்கு நிலைத்தது எனக் கருத இடமுண்டு. இது ஊகமே. ஆனால் ஷீன், ளாத் இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்குவதால், பரவல் ஒன்றை மட்டும் கூறுவதைக் காட்டிலும் சிக்கனமான ஊகம்.

6. ஜீம்: சேராத எழுத்து

இன்றைய செந்தர அரபில் ஜீம் தமிழர் ஒலிக்கும் ஜகரத்தைப் போன்றது. நாவின் முன்பகுதி பல்லீற்றை ஒட்டிப் பொருந்தி விடுபட அது பிறக்கிறது. இடத்தை நோக்கின் ஷீனுக்கு அடுத்த வீடு. ஒலிப்பே அளவுகோலாயின் 'ஜமல்' (ஒட்டகம்) முன்னொட்டுப் பெறும்போது 'அஜ்ஜமல்' ஆக வேண்டும். செந்தர வழக்கோ 'அல்ஜமல்'. சூரிய எழுத்துகளைப் பட்டியலாக மனனம் செய்யாமல் ஒலிப்பைக் கொண்டு ஊகிக்கும் மாணவர் தவறுமிடம் இது. அவரது தருக்கத்தில் பிழையில்லை; அவர் தொடங்கிய ஒலிதான் காலத்தால் பிந்தியது.

இச்சொல் ஹீப்ருவில் 'காமால்' எனவும் சிரியாக்கில் 'கம்லா' எனவும் அதிர்வுடைய ககரத்தோடு வழங்குகிறது. செமிட்டிக் மொழிகளில் ஜீமின் மூலவொலி பின்னாவில் பிறந்த அந்தக் ககரமே. கெய்ரோ வழக்கில் இன்றும் அது அவ்வாறே ஒலிக்கிறது. ஸீபவைஹி காலத்தில் அது இடைநாவிற்கு முன்னேறியிருந்தது. ஆயினும் அடைப்பொலியாகவே இருந்தது. ஜீமைக் காஃபைப் போலவும் ஷீனைப் போலவும் ஒலிப்பதை ஏற்கத்தகாத ஒலிப்புகளுள் அவர் சேர்க்கிறார். அவ்வெழுத்து அப்போதே இருதிசையிலும் அசைந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. முன்னொட்டு விதி உறுதிப்பட்ட காலத்தில் ஜீம் லகரத்திற்கு எட்டாத தொலைவில் இருந்தது. பின்னர் ஜீம் முன்னோக்கி நகர்ந்தது, பட்டியல் நகரவில்லை.

இடைக்காலக் கடன்சொற்கள் இதனை உறுதிசெய்கின்றன. 'அஸ்ஸுக்கர்' ஸ்பானியத்தில் 'அஸூக்கார்' (சர்க்கரை) ஆயிற்று. 'அர்ருஸ்' என்பது 'அர்ரோஸ்' (அரிசி) ஆயிற்று. இவற்றில் லகரம் இல்லை. 'அல்குத்ன்' என்பது 'அல்கொதோன்' (பருத்தி) ஆகி லகரத்தைக் காத்தது. ஜீமில் தொடங்கும் 'அல்ஜப்ர்' என்பதும் லகரத்தைக் காத்தது. கணிதத்தின் 'அல்ஜீப்ரா' அதுவே. இவ்வகைச் சான்றைக் கையாள்வதில் ஒரு கவனம் தேவை. செவிவழிச் சென்ற சொல்லே ஒலிக்குச் சான்றாகும்; ஏட்டுவழிச் சென்ற சொல் எழுத்திற்கு மட்டுமே சான்று. 'அத்தாஇர்', 'அத்தபரான்' என ஒலிக்கும் விண்மீன் பெயர்கள் ஐரோப்பிய மொழிகளில் 'அல்டேர்', 'அல்டெபரான்' என லகரத்தோடு வழங்குவது, அவை நூல்களிலிருந்து எழுத்தெழுத்தாகப் பெயர்க்கப்பட்டமையால். அல்ஜீப்ராவும் ஏட்டுவழி வந்ததே எனத் தடை எழுப்பலாம். மக்கள் வாய்மொழியில் வழங்கிய 'அல்ஹிபே' (நீர்த்தொட்டி) என்னும் ஸ்பானியச் சொல், 'அல்ஜுப்' என்பதன் வழியது. அத்தடைக்கு அது விடையாகும்.

7. பட்டியல் இன்றும் அசைகிறது

செந்தர வழக்கில் உறைந்துவிட்ட இப்பட்டியல் பேச்சு வழக்குகளில் அவ்வாறு உறையவில்லை. சிரியா, பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளின் பேச்சில் ஜீமும் லகரத்தைத் தன்வயமாக்குவதைக் கேட்கலாம். அங்கே ஒலியின் இன்றைய இடம் பட்டியலை வென்றிருக்கிறது. கெய்ரோ பேச்சில் நிகழ்வது இன்னும் வியப்பிற்குரியது. 'இல்கிதாப்' என்பதோடு 'இக்கிதாப்' என்பதும், வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் சொல்லில் அதிர்வுடைய ககரம் இரட்டித்தலும் அங்கே வழங்குகின்றன. இரு ககரங்களும் நுனிநாவிற்கு மிகத் தொலைவானவை. பிறப்பிட அண்மை இங்கே காரணமாக இயலாது. வழக்கின் மிகுதியால் முன்னொட்டின் லகரம் தளர்ந்துவிட்டது என்னும் ஸீபவைஹியின் இரண்டாம் காரணமே இதற்கும் பொருந்துகிறது.

மால்டா தீவின் மொழி அரபின் வழிவந்தது; லத்தீன் எழுத்தில் ஒலித்தவாறே எழுதப்படுவது. ஆகவே அங்கு சூரிய எழுத்துகள் எழுத்திலேயே வெளிப்படுகின்றன. சூரியன் 'இஷ்-ஷெம்ஷ்', ஷகரம் இருமுறை எழுதப்படும். இம்மொழிக்கு இத்தாலிய, சிசிலியச் சொற்களோடு அரபில் இல்லாத சகர அடைப்புரசொலி ஒன்று வந்து சேர்ந்தது. திறவுகோலைக் குறிக்கும் 'சவெத்தா' முன்னொட்டோடு 'இச்-சவெத்தா' ஆகிறது. புதிதாக வந்த ஒலி, நுனிநாவை ஒட்டிய தன் இடத்தால், சூரிய எழுத்தாயிற்று. அதே இடத்தில் அதிர்வோடு பிறக்கும் ஜகரமோ 'இல்-ஜுர்னாத்தா' (நாள்) என லகரத்தை விட்டுவைக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அதிர்வு ஒன்றே. அதிர்வு இங்கே காரணமாக முடியாது, தகரமும் அதன் அதிர்வொலியும் ஒருங்கே சூரிய எழுத்துகளாக இருப்பதால். 'ஜுர்னாத்தா' என்னும் சொல்லும் இத்தாலியக் கடனே என்பது நோக்கத்தக்கது. சொல் புதியது, எழுத்தின் வகை பழையது. ஜீம் என்னும் எழுத்திற்கு மரபு வழங்கிய இடம், அச்சொல்லுக்கும் கிடைத்தது.

8. தமிழ் எழுத்தில் முன்னொட்டு

தமிழ் முஸ்லிம் பெயர்களில் இவ்விதி அன்றாடம் எழுதப்படுகிறது. நூருத்தீன், ஷம்சுத்தீன், ஜமாலுத்தீன் ஆகியவற்றில் 'தீன்' (சமயம்) என்பதன் முன் லகரம் தகரமாகி இரட்டித்துள்ளது. நூருல் அமீன், ஜைனுல் ஆபிதீன், அப்துல் காதர் ஆகியவற்றில் சந்திர எழுத்துகளின் முன் லகரம் நிற்கிறது. 'ஷம்சுத்தீன்' என்னும் பெயரில் 'ஷம்ஸ்' முதலில் நிற்பதால் அதன் ஷகரம் இரட்டிக்கவில்லை. இரட்டிப்பது அடுத்த சொல்லின் தகரமே. தமிழ் எழுத்து ஒலித்தவாறே எழுதும் இயல்பினதாதலால், அரபு எழுத்து மறைத்து வைப்பதைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டுகிறது.

'அப்துர் ரஹ்மான்' என்பதோடு 'அப்துல் ரஹ்மான்', 'அப்துல் ரகுமான்' என்பனவும் வழங்குகின்றன. இவற்றைப் பிழையென ஒதுக்கிவிடுதல் எளிது, ஆராய்தல் பயனுடையது. எழுத்தெழுத்தாகப் பெயர்த்ததால் லகரம் நின்றிருக்கலாம். ஆங்கிலப் பதிவேடுகளின் எழுத்துக்கூட்டல் தமிழுக்குத் திரும்பியிருக்கலாம். இவையிரண்டினும் அடிப்படையான மாற்றம் வேறொன்று. 'அடியார்' என்னும் பொருளுடைய 'அப்து' என்பதும், அடுத்த சொல்லுக்கு உரிய முன்னொட்டும் தமிழ் வழக்கில் ஒட்டி, 'அப்துல்' என்னும் ஒரே பெயருறுப்பாகிவிட்டன. 'அப்துல்' எனத் தனித்து அழைக்கும் வழக்கமே இதற்குச் சான்று. முன்னொட்டாக இருந்தவரை மாறியே ஆகவேண்டிய லகரம், ஒரு பெயரின் இறுதி எழுத்தானதும், 'அல்ஸினா' என்பதன் லகரத்தைப் போல, எந்த எழுத்தின் முன்னும் மாறாது நிற்கும் உரிமையைப் பெற்றுவிட்டது.